கப்சூல் இன்ஹேலர்: ஏன் வேகமாக இழுக்க வேண்டும், ஏன் வாயைக் கொப்பளிக்க வேண்டும்

முட்டு வருத்தத்துக்குக் கிளினிக்கில் தருகிற இழுக்கும் மருந்துகளில் நம் ஆட்கள் அதிகம் காண்பவை இரண்டு வகை. ஒன்று, தலையை அழுத்தினால் ‘சுஸ்’ என்று மருந்தை அடிக்கிற ஸ்பிரே பம். மற்றது, ஒரு கப்சூலைச் செருகித் திருகிவிட்டு வாயால் இழுக்கிற சின்னப் பிளாஸ்திக் கருவி. இந்த இரண்டாவதுக்கு உலர்தூள் இன்ஹேலர் என்று பெயர். கிளினிக் வரிசையில் நிற்பவர்கள் இரண்டையும் ‘பம்’ என்றுதான் சொல்வார்கள். அப்படி ஒரே பெயரில் அழைப்பதாலோ என்னவோ, இரண்டையும் ஒரே மாதிரி இழுக்கிறவர்களும் நிறையப் பேர். ஆனால் இரண்டும் வேலை செய்கிற விதம் முற்றிலும் வேறு.

ஸ்பிரே பம்முக்குள் அமுக்கி அடைத்த வாயு இருக்கிறது. நீங்கள் அழுத்தியதும் அந்த வாயு மருந்தைத் தானே நுண்ணிய துளிகளாக வெளியே தள்ளிவிடும். அதனால் அங்கே நீங்கள் செய்ய வேண்டியது, அழுத்துகிற அதே நேரத்தில் மெதுவாகவும் ஆழமாகவும் நாலைந்து விநாடிக்கு மூச்சை உள்ளே எடுப்பது. வேகமாக இழுத்தால் துளிகள் தொண்டையின் பின்சுவரில் மோதி அங்கேயே ஒட்டிவிடும்.

கப்சூல் கருவிக்குள் வாயுவும் இல்லை, மோட்டாரும் இல்லை. கப்சூலைத் திறந்துவிட்டால் தூள் அப்படியே கிடக்கும். அதைக் கிளப்புகிற ஒரே விசை உங்கள் மூச்சுதான். ஆகவே இங்கே மெதுவாக இழுத்தால் மருந்து போகாது. வேகமாக, பலமாக, ஆழமாக இழுக்க வேண்டும். ஸ்பிரேக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதற்குச் சொல்லிக்கொடுப்பதும் நேர் எதிராக இருப்பதால்தான் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறுகிறவர்கள் தடுமாறுகிறார்கள்.

ஏன் அவ்வளவு வேகம் என்று கேட்டால், கப்சூலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூச்சுக்குழாய்களின் சின்னச் சின்னக் கிளைகள் வரை ஒரு துணிக்கை போய்ச் சேர வேண்டுமென்றால், அது ஏறத்தாழ 1 முதல் 5 மைக்ரோன் அளவில் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன். இதைவிடப் பெரிய துணிக்கை வளைவுகளில் திரும்ப முடியாமல் வாயிலும் தொண்டையிலும் மோதி நின்றுவிடும். ஆனால் இவ்வளவு நுண்ணிய தூளுக்கு ஒரு குணம் உண்டு: ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கட்டிப்படும், கப்சூலின் சுவரிலும் அப்பிக்கொள்ளும். அளவும் மிகக் கொஞ்சம். 200 மைக்ரோகிராம் மருந்தைக் கண்ணால் பார்த்து அளக்கவே முடியாது. அதனால் பெரும்பாலான மருந்துகளில் அதை லக்டோஸ் என்ற பால் சர்க்கரைத் தூளோடு கலந்து அடைக்கிறார்கள். லக்டோஸ் மணிகள் பெரியவை, பல பத்து மைக்ரோன் அளவு வரும். மருந்துத் துணிக்கைகள் அந்த மணிகளின் மேல் ஒட்டிக்கொண்டு இருக்கும். கப்சூலைத் திறந்தால் நாம் பார்க்கிற வெள்ளைத் தூளில் பெரும்பகுதி இந்தச் சர்க்கரைதான். இழுத்தபின் நாக்கில் லேசாகத் தெரிகிற இனிப்பும் அதுதான்.

இழுக்கும்போது கருவிக்குள் இரண்டு வேலை நடக்க வேண்டும். தூள் கப்சூலைவிட்டுக் கிளம்ப வேண்டும், பிறகு சர்க்கரை மணியிலிருந்து மருந்து பிரிய வேண்டும். சூடடித்த நெல்லைத் தூற்றுகிறபோது காற்று நன்றாக வீசினால்தான் பதர் பறந்து தள்ளிப்போய் விழும். காற்று விழுந்துவிட்டால் பதரும் நெல்லும் சேர்ந்து ஒரே இடத்தில் கொட்டும். இங்கேயும் அப்படித்தான். மூச்சு பலமாக இருந்தால் கருவிக்குள் காற்று சுழன்று தூளை மோதி உதறும், மருந்து பிரிந்து நுரையீரலுக்குப் போகும், சர்க்கரை மணி வாயிலேயே தங்கும். மூச்சு மெதுவாக இருந்தால் மருந்து சர்க்கரை மணியை விடாமல் அதோடு சேர்ந்து வாயில் விழும்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். இந்த வகைத் திருகுகிற கருவிகளில் காற்று போகிற வழி அகலமானது, தடை குறைவு. அதனால் இழுக்க இலகு. ஆனால் தூளை உதற நிமிடத்துக்கு 60 லீற்றர் அளவுக்காவது வேகம் இருந்தால் நல்லது. நிமிடத்துக்கு 60 லீற்றர் என்றால் விநாடிக்கு ஒரு லீற்றர். ஒருவர் ஒரு மூச்சில் 2 லீற்றர் காற்றை உள்ளே எடுக்கிறார் என்று வைப்போம். அதை 2 விநாடியில் எடுத்தால் அந்த 60 லீற்றர் வேகம் கிடைத்துவிடும். அதே 2 லீற்றரை 4 விநாடிக்கு இழுத்தடித்தால் வேகம் 30 ஆகிவிடும். வேகம் பாதியானால் விசையும் பாதியாகும் என்று நினைக்க வேண்டாம். சுழலும் காற்றில் வேகம் பாதியாகும்போது தூளை உதறுகிற அழுத்தம் கிட்டத்தட்ட கால்பங்காகிவிடும். கொஞ்சம் மெதுவாக இழுத்ததற்கே இவ்வளவு இழப்பு வருவது அதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. வேகம் தொடக்கத்திலேயே வேண்டும். தூளில் பெரும்பகுதி மூச்சின் முதல் பகுதியிலேயே கப்சூலைவிட்டுக் கிளம்பிவிடும். மெல்லத் தொடங்கிப் பிறகு வேகமெடுத்தால், தூள் போகிற நேரத்தில் வேகம் இல்லை, வேகம் வருகிற நேரத்தில் தூள் இல்லை. ஆழம் எதற்கு என்றால், கிளம்பிய மருந்தைக் கீழே உள்ள கிளைகள் வரை தள்ளிக்கொண்டு போகப் பின்னால் காற்று வந்துகொண்டே இருக்க வேண்டும்.

கிளினிக்குகளில் திரும்பத் திரும்பக் காண்கிற கதையை ஒரே ஆளின் மேல் வைத்துச் சொல்கிறேன். தருமபுரம் பக்கத்து விவசாயி, வயது அறுபதுக்குக் கிட்ட. பல வருடமாக ஸ்பிரே பம் பாவித்தவர். காலபோக அறுவடை முடிந்து புழுதியும் உமியும் பறக்கிற நாட்களில் அவருக்கு இழுப்பு கூடும். இப்போது அவருக்குக் காலையும் இரவும் 200 மைக்ரோகிராம் பெக்ளோமெதசோன் கப்சூல், இழுப்பு வந்தால் சல்பியூட்டமோல் கப்சூல் என்று எழுதியிருக்கிறார்கள். அடுத்த கிளினிக்குக்கு வந்தபோது மருந்து கொடுக்கிற இடத்தில் நின்று சொல்கிறார்:

“கப்சூலுக்கு மாத்தின பிறகு ஒண்டும் கேக்குதில்லை பிள்ளை. வாயும் எரியுது.”

“ஐயா, ஒருக்கா எனக்கு முன்னால இழுத்துக் காட்டுங்கோ.”

அவர் கப்சூலை வடிவாகப் போட்டார், திருகினார், வாயில் வைத்தார். பிறகு மெதுவாக, ஒரே சீராக, ஐந்து விநாடிக்கு இழுத்தார். ஸ்பிரேக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு அது நூற்றுக்கு நூறு சரி. கருவியைத் திறந்து பார்த்தால் கப்சூலின் அடியில் தூள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அப்படியே இருந்தது.

“இதுக்குள்ள காஸ் இல்லை ஐயா. நீங்கள் இழுக்கிற இழுவைதான் பம். கப்சூல் இல்லாமல் முதலில் இழுத்துப் பழகுவம்.”

வெறும் கருவியை முன்னைப் போல மெல்ல இழுத்தபோது சத்தம் ஏதும் வரவில்லை. பலமாக இழுத்தபோது காற்று உரசிப் போகிற சத்தம் பக்கத்தில் நின்றவருக்குக் கேட்டது. அந்தச் சத்தம் இழுவையின் தொடக்கத்திலிருந்தே வரும்வரை சில தடவை பழகினார். பிறகு கப்சூலைப் போட்டு இழுத்தார், திறந்து பார்த்தார்கள், கொஞ்சம் தூள் மிச்சம். அதே கப்சூலை மறுபடி ஒரு தடவை இழுத்தார். இப்போது ஓரங்களில் ஒட்டிய தூசு மட்டும்தான்.

இந்த இடத்தில் யாரும் அவரை இழுக்கச் சொல்லிப் பார்க்காமல் விட்டிருந்தால் என்ன நடக்கும்? மருந்து போதவில்லை என்று 200 என்பது 400 ஆகும். நுரையீரலுக்குப் போவது பெரிதாக அதிகரிக்காது. வாயில் விழுவது இரட்டிப்பாகும். வருத்தம் குறையவில்லை என்று கிளினிக்கில் சொல்கிறவர்கள், கருவியைக் கையோடு கொண்டுபோய், “நான் இழுக்கிறது சரியோ பாருங்கோ” என்று கேட்பது மருந்தைக் கூட்டச் சொல்லிக் கேட்பதைவிட முதலில் செய்ய வேண்டிய காரியம் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, முறையைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம். நிமிர்ந்து இருங்கள் அல்லது நில்லுங்கள். படுத்தபடி இழுத்தால் ஆழம் வராது. கை ஈரமில்லாமல் இருக்க வேண்டும். கருவியை நேராகப் பிடித்து, மேலே உள்ள சதுரத் துளையில் கப்சூலைச் செருகுங்கள். பொதுவாகக் கண்ணாடி போன்ற பக்கம் கீழே, நிறமுள்ள பக்கம் மேலே. துளையின் விளிம்போடு மட்டமாகும்வரை அமுக்கிவிட்டு அடிப்பகுதியை முட்டும்வரை திருகுங்கள். கப்சூல் இரண்டாகப் பிரிந்து தூள் உள்ளே கொட்டும். அப்புறம் கருவியைக் கிடையாகவே வைத்திருங்கள். வாய்ப்பக்கம் கீழே சாய்ந்தால் தூள் மடியில் கொட்டிவிடும். சில கருவிகள் திருகுபவை இல்லை. கப்சூலை உள்ளே வைத்து மூடிப் பக்கத்துப் பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் ஊசி கப்சூலில் துளை போடும். அந்த வகையில் நீங்கள் சரியாக இழுத்தால் கப்சூல் உள்ளே சுழன்று ‘கிர்ர்’ என்று சத்தம் போடும். சத்தம் வரவில்லை என்றால் கப்சூல் எங்கோ இறுகியிருக்கிறது, அல்லது இழுவை போதவில்லை.

இப்போது, கருவியை வாயில் வைப்பதற்கு முன், முகத்தை ஒரு பக்கம் திருப்பி, முடிந்த அளவு மூச்சை வெளியே விடுங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான். பாதி நிரம்பிய நெஞ்சுக்குள் ஆழமாக இழுக்க இடம் இருக்காது. கருவிக்குள் ஊதவும் கூடாது. ஊதினால் தூள் பின்பக்கமாகப் பறந்துவிடும். மூச்சின் ஈரம் பட்டால் மிச்சத் தூளும் கட்டிப்பட்டுவிடும். மூச்சை விட்ட பிறகு, வாய்ப்பகுதியைப் பற்களுக்கு இடையில் வைத்து உதடுகளால் இறுக்கி மூடுங்கள், தலையை லேசாகப் பின்னே சாயுங்கள், நாக்கு வழியை மறைக்காமல் கீழே இருக்கட்டும். தொடங்கும்போதே பலமாக, நெஞ்சு நிரம்பும்வரை இழுங்கள். கருவியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, வாயை மூடி, மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். முடியாதவர்கள் முடிந்த அளவு பிடித்தால் போதும். அந்த நேரத்தில்தான் உள்ளே மிதக்கிற நுண்ணிய மருந்து மெல்லக் கீழிறங்கி மூச்சுக்குழாய்ச் சுவர்களில் படியும். உடனே மூச்சை விட்டால் அதில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும்.

பிறகு திறந்து பாருங்கள். தூள் மிச்சம் இருந்தால் அதே கப்சூலை மறுபடி மூச்சை விட்டு, மறுபடி இழுங்கள். அது கூடுதல் மருந்து ஆகாது, எழுதித் தந்த அளவை முழுதாக எடுப்பதுதான். கப்சூல் காலியாக இருப்பது நல்ல அறிகுறி என்றாலும், தூள் நுரையீரலுக்குத்தான் போனது என்பதற்கு அது சாட்சி இல்லை. மெதுவாக இரண்டு மூன்று தடவை உறிஞ்சினாலும் கப்சூல் காலியாகும். தூள் எல்லாம் வாயில் இருக்கும். ஆகவே இழுவையின் சத்தத்தையும் கப்சூலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஈரம் இந்த மருந்தின் பெரிய எதிரி. மாரி மழை பிடித்துவிட்டால் வீட்டுக்குள் உப்பே கசிகிற காலம் அது. அட்டையிலிருந்தோ போத்தலிலிருந்தோ கப்சூலை இழுக்கிற நேரத்தில் மட்டும் எடுங்கள். காலையில் இழுக்கலாம் என்று இரவே கருவிக்குள் போட்டு வைக்க வேண்டாம். போத்தலை உடனே இறுக மூடி, அடுப்படிக்கும் வெயில் படுகிற யன்னலுக்கும் தள்ளி உலர்ந்த இடத்தில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் பழக்கமும் வேண்டாம்; வெளியே எடுத்ததும் அதில் ஈரம் பூக்கும். திருகுகிற கருவியைக் கழுவினால், துடைத்து நிழலில் முழுவதும் காய்ந்த பிறகே கப்சூல் போட வேண்டும். இந்தக் கப்சூலைத் தண்ணீரோடு விழுங்கிவிடுகிற ஆட்களும் உண்டு. பார்க்கக் குளிசை போலவே இருப்பதால் அப்படி நடக்கிறது. வீட்டில் வயதான ஐயா, அம்மா இருந்தால் முதல் நாளே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இனி அந்த விவசாயியின் வாய் எரிவுக்கு வருவோம். அவரை வாயைத் திறக்கச் சொன்னபோது கன்னத்தின் உட்புறத்திலும் அண்ணத்திலும் தயிர் தெறித்தது போல வெள்ளைப் படிவுகள் தெரிந்தன. பெக்ளோமெதசோன் ஒரு ஸ்டீரொயிட். மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் குறைப்பதுதான் அதன் வேலை. அதனால்தான் இழுப்பு இல்லாத நாளிலும் அதை விடாமல் எடுக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு நன்றாக இழுத்தாலும் மருந்தில் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலும் படியத்தான் செய்யும். நுரையீரலில் வீக்கத்தை அடக்குகிற அதே மருந்து, வாயின் தோலில் தங்கினால் அங்கே உள்ள எதிர்ப்புச் சக்தியை அடக்கிவிடுகிறது. கன்டிடா என்கிற பங்கசு பலரின் வாயிலும் சாதாரணமாகவே இருக்கிறது. தட்டிக்கேட்க ஆள் குறைந்ததும் அது பெருகிப் படிகிறது. துடைத்தால் வெள்ளை உரிந்து அடியில் சிவந்து தெரியும், காரம் பட்டால் எரியும், விழுங்கும்போது சிலருக்கு நோகும். பொய்ப்பல் கட்டியவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் இது இலகுவில் வரும்.

அவர் மெதுவாக இழுத்ததும் இதற்கு ஒரு காரணம். சர்க்கரை மணியைவிட்டுப் பிரியாத மருந்தெல்லாம் வாயில்தானே விழுந்தது. அதற்கு மேல், அவர் இரவில் பல் தீட்டிவிட்டு, கடைசியாகக் கப்சூலை இழுத்துவிட்டு, அப்படியே படுக்கிறவர். விடியும்வரை மருந்து வாயில் ஊறிக்கொண்டு கிடந்தது.

தீர்வு மிக எளிது, ஆனால் முறையாகச் செய்ய வேண்டும். ஸ்டீரொயிட் இழுத்து முடிந்ததும், உடனே, ஒரு வாய் தண்ணீர் எடுத்து கன்னங்களுக்குள் நன்றாக அலசித் துப்புங்கள். இன்னொரு வாய் எடுத்து, தலையைப் பின்னே சாய்த்து, தொண்டையில் ‘களகள’ என்று கொப்பளித்துத் துப்புங்கள். மறுபடி ஒரு தடவை செய்தால் நல்லது. வாயை மட்டும் அலசினால் தொண்டையின் பின்சுவரில் ஒட்டியது போகாது. விழுங்கவும் வேண்டாம், துப்பிவிட்டால் வயிற்றின் வழியாக உடம்புக்குள் சேருகிற ஸ்டீரொயிட்டும் குறையும். உப்புத் தண்ணீரோ கடையில் விற்கிற வாய் கழுவும் மருந்தோ தேவையில்லை, குடிக்கிற தண்ணீரே போதும். நான் சொல்லும் சுலபமான வழி, இழுக்கிற நேரத்தைப் பல் தீட்டுவதற்கு முன்னால் வைத்துக்கொள்வது. அப்போது கொப்பளிப்பது தானாகவே நடந்துவிடும். பொய்ப்பல் இருந்தால் கழற்றி அதையும் கழுவுங்கள். சல்பியூட்டமோல் ஸ்டீரொயிட் இல்லை. அதற்கு இந்த அவசியம் கிடையாது.

கொப்பளிப்பதால் எல்லாம் தீரும் என்றும் சொல்ல முடியாது. இந்த மருந்தால் சிலருக்குக் குரல் கம்மும். குரல்நாண்களில் மருந்து படிவது அதற்கு ஒரு காரணம். கொப்பளிக்கிற தண்ணீர் அவ்வளவு கீழே போகாது. அதற்கு மருந்தையோ கருவியையோ மாற்ற வேண்டி வரலாம், வைத்தியரிடம் சொல்லுங்கள். வெள்ளைப் படிவு வந்தவர்களுக்கு அதற்கான பங்கசு மருந்து தருவார்கள், அதில் சுகமாகும். ‘ஸ்டீரொயிட்டால்தானே வந்தது’ என்று நினைத்து இழுக்கிற மருந்தைத் தாங்களாக நிறுத்துவதுதான் ஆபத்து. ஒரு 5 மில்லிகிராம் பிரெட்னிசலோன் குளிசையில் இருப்பது 5000 மைக்ரோகிராம் ஸ்டீரொயிட், அது இரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போகிறது. 200 மைக்ரோகிராம் கப்சூல் தேவையான இடத்துக்கே போய் வேலை செய்வதால்தான் இவ்வளவு சிறிய அளவு போதுமாக இருக்கிறது. மருந்துக்கு மருந்து வலிமை வேறு என்பதால் எடையை மட்டும் வைத்து நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் எந்த அளவில் பேசுகிறோம் என்பது இதில் புரியும்.

கடைசியாக, இந்தக் கருவி எல்லாருக்கும் எல்லா நேரத்துக்கும் ஏற்றதில்லை. ஐந்தாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குச் சொன்னபடி பலமாக இழுக்க வராது. அவர்களுக்கு ஸ்பேசர் என்கிற குடுவை பூட்டிய ஸ்பிரே பம்தான் சரி. மிகத் தளர்ந்த வயதானவர்களுக்கும் அப்படியே. பெரியவர்களிலும், கடுமையாக முட்டு எழும்பிய நேரத்தில், வழக்கமாக நன்றாக இழுக்கிறவருக்கே அந்த வேகம் வராமல் போகலாம். மூச்சு வாங்கி ஒரு வசனத்தை முழுதாகக் கதைக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, அல்லது இழுத்த மருந்து கேட்கவில்லை என்றால், கப்சூலுக்கு மேல் கப்சூலாகப் போட்டு நேரம் கடத்த வேண்டாம். வீட்டில் ஸ்பேசரும் சல்பியூட்டமோல் ஸ்பிரேயும் இருந்தால் அதைக் கொடுத்தபடியே 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். உள் கிராமத்துக்கு அது வந்துசேர நேரமாகும் என்று தெரிந்தால் கிடைக்கிற வாகனத்தில் ஏற்றிக் கிட்டிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஆளைப் படுக்க வைக்காமல், முன்னுக்குச் சாய்ந்தபடி இருத்தி வையுங்கள். கிளினிக் கொப்பியையும் பாவிக்கிற கருவியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.